ஷெட் நம்முடையது, சரக்கு அவர்களுடையது: ஜாப் ஒர்க் எடுக்கும் தோழருக்குச் சில கணக்குகள்

"வேலை கேட்டு நிற்காதே, வேலை கொடுப்பவனாக மாறு" என்ற பேச்சு இப்போது நம் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறது. திருப்பூர்ப் பக்கம் இதைச் சொல்பவர்கள் ஒரு வழியையும் காட்டுகிறார்கள். வீட்டோடு ஒரு தகர ஷெட் இருந்தால் போதுமாம். பனியன் கம்பெனியிலிருந்து செக்கிங், பேக்கிங் வேலையை ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்யலாம், இயந்திரம் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம், கத்திரியும் மேசையும் தெருவில் நான்கு பெண்களும் போதும் என்கிறார்கள்.

நான் பனியன் கம்பெனிகளில் 14 ஆண்டுகள் செக்கிங், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவன். ஆறு ஆண்டுகளாக ஊருக்கு வெளியே, எங்கள் அருந்ததியர் தெருவில், சொந்த ஷெட்டில் இதே வேலையை எடுத்துச் செய்கிறேன். எங்கள் தெருவிலும் பக்கத்து ஊரிலும் உள்ள இன்னும் மூன்று ஷெட்களுக்குக் கணக்கும் எழுதுகிறேன். அந்த வழி பொய்யில்லை. ஆனால் 'ஷெட் இருந்தால் போதும்' என்பது பொய். இந்தத் தொழிலின் முதல், ஷெட்டோ கத்திரியோ அல்ல. தொலைந்த பீஸுக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்க்கும் எண்ணிக்கையும், கூலி வருவதற்கு முன் கூலி கொடுப்பதற்கான பணமும்தான் முதல். இந்த இரண்டும் மற்றவர்களுக்குச் சாதி வழியாக வந்தன. நமக்கு அப்படி வராது. அதனால் நாம் காகிதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உழைத்து முன்னேறியவர்கள் கதை

தொழிலாளியாக இருந்து முதலாளி ஆனவர்களின் கதை திருப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. 'நானும் மெஷினில் உட்கார்ந்தவன்தான், என் உழைப்பால் வந்தேன்' என்று பெருமையோடு சொல்வார்கள். இந்தக் கதையை ஆராய்ந்து சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு நூலே எழுதினார். முதலாளிகளாக உயர்ந்த தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தின் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும், உழைப்போடு சாதி உறவுகளும் அவர்களுக்குக் கைகொடுத்தன என்பதையும் அந்த நூல் காட்டியது. நூலின் தலைப்பிலேயே 'சகோதர மூலதனம்' என்ற பொருள் இருக்கிறது.

அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் பார்த்திருக்கிறேன், உழைத்தார்கள். ஆனால் அதே மேசையில் அதே நேரம் நாங்களும் உழைத்தோம். அவர் ஜாப் ஒர்க் எடுத்தபோது கம்பெனி மேனேஜர் அவருடைய மாமன் மகனாக இருந்தார். சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத வாரம், தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார். லாட்டில் பீஸ் குறைந்தால், "சரி விடப்பா, அடுத்த லாட்டில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சோடு முடிந்தது. இந்த மூன்றுக்கும் நம்மவரிடம் என்ன இருக்கிறது? இதற்கு விடை தேடாமல் ஷெட் போடச் சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்கிவிடுவது போன்றது.

ஒரு லாட்டின் கணக்கு

ஒரு லாட்டை எடுத்துக்கொள்வோம். கீழே நான் சொல்லும் விலைகள் ஒரு கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ரகத்துக்கும் சீசனுக்கும் தக்கபடி ரேட் மாறும். உங்கள் ரேட்டை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

பவர்டேபிளில் தைத்து முடித்த 6,000 டி-சர்ட் வருகிறது. அயர்ன் கம்பெனியிலேயே முடிந்துவிட்டது. நம் வேலை பிசிறு வெட்டுவது, குற்றம் பார்ப்பது, மடிப்பது, ஸ்டிக்கர் ஒட்டிப் பாலிபேக்கில் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குவது. பீஸுக்கு 2 ரூபாய் 50 காசு. மொத்தம் 15,000 ரூபாய்.

பழகிய கை ஒரு நாளில் 500 பீஸ் பிசிறு வெட்டிக் குற்றம் பார்க்கும். மடித்துப் போடுபவர் 750 பீஸ் முடிப்பார். அப்படியானால் செக்கிங்குக்கு மூன்று பேர், பேக்கிங்குக்கு இரண்டு பேர் என ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாளில் 1,500 பீஸ் முடிப்பார்கள். 6,000 பீஸுக்கு நான்கு நாள். ஆளுக்கு நாள் கூலி 450 ரூபாய் என்றால் கூலி 9,000. டெம்போ எடுக்கவும் கொண்டுபோய்விடவும் 1,400. கரண்டும் டீயும் 600. டேப், ஊசி, கத்திரி தீட்டுவது போன்ற சில்லறைக்கு 200. ஆக மொத்தச் செலவு 11,200. மிச்சம் 3,800 ரூபாய்.

இந்த 3,800 லாபம் இல்லை. நான்கு நாளும் காலை ஏழு மணிக்கு ஷெட்டைத் திறந்து, மூட்டை தூக்கி, ராத்திரி எண்ணிக்கை எழுதி முடிக்கும் உங்கள் கூலியும் இதில்தான் இருக்கிறது. பீஸுக்கு 63 காசு. இப்படி மாதத்துக்கு நான்கு லாட் வந்தால் 15,200 ரூபாய் நிற்கும். கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தால் இதற்குக் குறையாத சம்பளம் கிடைக்கும். லாட் வராத நாளுக்கும் ஆளைப் பிடித்துவைக்க ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால், இதிலிருந்துதான் போகும்.

அதனால் ஜாப் ஒர்க்கில் பணம் பெருகும் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம். கிடைப்பது வேறு. ஒரு ஃபோர்மேனின் வசவு இல்லாத இடம், தெருப் பெண்களுக்கு வீட்டோடு வேலை, நாளைக்கு இரண்டு மெஷின் போட்டுத் தையலுக்கும் போகலாம் என்ற வாய்ப்பு. அந்த வாய்ப்பு நிலைக்குமா என்பதை முடிவுசெய்வது 63 காசு அல்ல, அடுத்து வரும் எண்.

ஆயிரத்துக்கு நான்கு

லாட்டில் பீஸ் குறைந்தால் கம்பெனி டெபிட் போடும். ஒரு டி-சர்ட்டுக்கு 160 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,800ஐ 160ஆல் வகுத்தால் 24 பீஸ்கூட வரவில்லை. அதாவது 6,000 பீஸில் 24 குறைந்தால் உங்கள் நான்கு நாள் உழைப்பும் போய்விடுகிறது. ஆயிரத்துக்கு நான்கு பீஸ். 40 குறைந்தால் 6,400 டெபிட். அப்போது 2,600 ரூபாயை நீங்கள் கைக்காசிலிருந்து கட்டிக் கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

63 காசு சம்பாதிப்பவர் 160 ரூபாய்ச் சரக்குக்குப் பொறுப்பேற்கிறார் என்பதே ஜாப் ஒர்க்கின் உள்கூடு. கம்பெனிக்குள்ளே செக்கிங் நடந்தபோது இந்தப் பொறுப்பு கம்பெனியுடையது. வேலையோடு சேர்த்து அதையும் நம் ஷெட்டுக்கு இறக்கிவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., சீசன் இல்லாத மாதத்தின் சம்பளம் எல்லாம் இதே டெம்போவில்தான் இறங்கின.

பீஸ் எங்கே குறைகிறது? பெரும்பாலும் நம் ஷெட்டில் குறைவதில்லை. துணி வெட்டும்போது பண்டில் கட்டி, டிக்கெட் போட்டுப் பவர்டேபிளுக்குப் போகிறது. அங்கே சில பீஸ் வீணாகிறது, சில ஆல்டருக்கு ஒதுங்குகிறது, சில காணாமலே போகிறது. ஆனால் அங்கிருந்து வரும் டெலிவரி சலானில், அதாவது டி.சி.யில், வெட்டிய எண்ணிக்கையே எழுதப்படுகிறது. டெம்போக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு மூட்டையை இறக்கி, "கையெழுத்துப் போடு, நேரமாச்சு" என்பார். எண்ணாமல் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில், அதற்கு முன்னால் மூன்று இடங்களில் குறைந்த பீஸ் எல்லாம் நம் கணக்கில் ஏறிவிடுகிறது.

6,000 பீஸை டெம்போ நிற்கும்போது எண்ண முடியாது. எடை போட்டும் பிடிக்க முடியாது. தைத்த பனியனில் ஒரு பீஸுக்கும் இன்னொன்றுக்கும் சில கிராம் வேறுபடும். நூறு பீஸ் மூட்டையில் இரண்டு மூன்று குறைந்தாலும் தராசு காட்டாது. ஒரு பண்டிலே விடுபட்டிருந்தால் மட்டும் தெரியும். அதனால் நான் செய்வது இது. டி.சி.யின் எல்லாப் பிரதியிலும், "மூட்டை 60 பெற்றேன். பீஸ் எண்ணப்படவில்லை. எண்ணிய பின் 24 மணி நேரத்தில் தெரிவிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மறுநாள் வேலை தொடங்கும் முன் சைஸ் வாரியாக, கலர் வாரியாக எண்ணுவோம். ஐந்து பேருக்கும் ஏறக்குறைய அரை நாள் போகும். அந்த அரை நாள் கூலி மேலே போட்ட கணக்கில் இல்லை. அதனால் ரேட் பேசும்போதே அதைச் சேர்த்துப் பேச வேண்டும். எண்ணிய அட்டவணையை அன்றைக்கே கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு கம்பெனி 5,400 பீஸ் லாட்டில் 38 குறைவு என்று டெபிட் போட வந்தது. வந்து சேர்ந்த மறுநாள் மாலையே, எல் சைஸ் கருநீலத்தில் 38 இல்லை என்று நான் அனுப்பிய செய்தி இருந்தது. அதைக் காட்டியதும் பவர்டேபிளில் தேடினார்கள். ஒரு பண்டில் அங்கேயே மேசைக்கு அடியில் கிடந்தது. அந்தச் செய்தி இல்லையென்றால் அது 'காலனிக்காரன் ஷெட்டில் காணாமல் போன சரக்கு' ஆகியிருக்கும். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. தேடுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் இதே பொருளில்தான் பேச்சு நடந்தது. மற்றவர் ஷெட்டில் பீஸ் குறைந்தால் அது 'ஷார்ட்டேஜ்'. நம் ஷெட்டில் குறைந்தால் அது 'திருட்டு'. எண்ணிக்கை எழுதுவது நமக்குக் கணக்கு வழக்கு மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட.

உள்ளே வந்த பிறகும் ஒவ்வொரு நாள் இரவும் ஒரு சமன்பாடு சரியாக வர வேண்டும். வந்தது எவ்வளவோ, அது பேக் ஆனது, ஆல்டருக்குத் திருப்பியது, ரிஜெக்ட், கையில் மிச்சம் ஆகிய நான்கின் கூட்டாக இருக்க வேண்டும். இதில் கோட்டைவிடும் இடம் ஆல்டர். தையல் விட்டது, ஓரம் பிரிந்தது என்று ஒதுக்கிய 15 பீஸைக் கம்பெனிப் பையன் பைக்கில் வந்து, "அவசரம்" என்று வாங்கிப் போவான். அதற்கு டி.சி. போடாவிட்டால் மாதக் கடைசியில் அந்த 15ம் நம் தலையில் விழும். பையனிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது கையெழுத்து வாங்காமல் ஒரு பீஸ்கூட ஷெட்டைத் தாண்டக் கூடாது.

குற்றத்துக்கும் இதே போல ஒரு நியாயம் இருக்கிறது. பீஸில் ஓட்டை இருந்தால், "பிசிறு வெட்டும்போது கத்திரி பட்டது" என்று நம்மிடம் தள்ளுவது வழக்கம். உற்றுப் பார்த்தால் தெரியும். கத்திரி பட்ட இடத்தின் விளிம்பு சீராக வெட்டுப்பட்டிருக்கும், நூல் முனை தொங்கும் தையல் ஓரத்தை ஒட்டியே இருக்கும். நிட்டிங்கில் விழுந்த ஓட்டையில் கண்ணி அவிழ்ந்து ஏணிபோலக் கோடு ஓடும், துணியின் நடுவிலும் வரும். தையல் ஊசி மழுங்கினால் தையல் கோட்டை ஒட்டிச் சிறு சிறு துளைகள் வரிசையாக விழும். முதல் வகை நம் பொறுப்பு, மற்ற இரண்டும் இல்லை. குற்றப் பீஸை வகை பிரித்து, அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணிக்கையோடு திருப்பினால் வாதாட வேண்டிய தேவையே வராது.

சனிக்கிழமையும் 75ஆவது நாளும்

எண்ணிக்கைக்கு அடுத்தது பணம். நம் ஷெட்டில் கூலி நாள் சனிக்கிழமை. அதைத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. அந்த அக்கா அந்தப் பணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்குகிறார். கம்பெனி நமக்கு எப்போது தருகிறது? மாதக் கடைசியில் பில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து 45 நாள் என்பார்கள். அப்படியென்றால் மாதத்தின் முதல் வாரத்தில் முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் ஏறக்குறைய 75ஆவது நாளில் வருகிறது.

மாதம் நான்கு லாட் என்றால் செலவு 44,800 ரூபாய். முதல் காசோலை வருவதற்குள் இரண்டரை மாதம் ஓடிவிடும். அதுவரை நாம் கையிலிருந்து போட வேண்டியது 1,12,000 ரூபாய். இதுதான் இந்தத் தொழிலின் உண்மையான முதல். ஷெட்டின் தகரத்தைவிட இது பெரிது. இந்தப் பணத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,360 ரூபாய் வட்டி போகும். ஒரு லாட்டின் மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். பத்து வட்டிக்கு வாங்கினால் 11,200. மாதம் முழுவதும் வட்டிக்காரனுக்கு ஜாப் ஒர்க் செய்தது போல ஆகிவிடும். எங்கள் பக்கம் மூடிய ஷெட்களில் பெரும்பாலானவை வேலை இல்லாமல் மூடவில்லை. கைநிறைய வேலை இருந்தபோது சனிக்கிழமைக் கூலிக்குப் பணமில்லாமல் மூடின.

இங்கே நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15ஆவது பிரிவின்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் எழுத்து ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். இந்த நாள் கணக்கு பில் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்குகிறது. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லையென்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக, தர வேண்டும்.

நம் கணக்கில் இதற்கு என்ன பொருள்? 75 நாள் 45 ஆகிறது. கையிலிருந்து போட வேண்டிய பணம் 1,12,000இலிருந்து 67,200 ஆகக் குறைகிறது. அதற்கு மாதக் கடைசி பில் முறையை விட்டு, ஒவ்வொரு லாட்டோடும் பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, "அந்த லாட்டில் குறை இருந்தது, அதனால்தான் பணம் நிற்கிறது" என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால், 15 நாளுக்குள் எழுத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம்.

இந்தச் சட்டம் வேலை செய்ய உத்யம் பதிவு வேண்டும். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரிடம் போகாமல் udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்திலேயே செய்துகொள்ளலாம். பட்டியல் சாதியினர் என்பதைப் பதிவிலேயே குறிக்க இடம் உண்டு. இதை முதல் லாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும். பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைக் காட்டினால், நீதிமன்றத்தில் அதுவே நமக்கு எதிரான வாதமாக வரும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. அது இல்லை என்பதைச் சொல்லி ரேட்டைக் குறைத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். வசூல் மன்றத்தில் மனு போட்ட ஷெட்டுக்கு அந்தக் கம்பெனியின் அடுத்த லாட் வராது. அந்தச் செய்தி பக்கத்துக் கம்பெனிக்கும் ஒரே நாளில் போய்விடும். அதனால் மனு என்பது அந்தக் கம்பெனியோடு உறவு முறிந்த பிறகு எடுக்கும் ஆயுதம். உறவு இருக்கும்போது உதவுவது வேறொன்று. 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமானவரிச் சட்டத்தில் 43பி பிரிவில் (எச்) என்ற ஒரு கூறு சேர்க்கப்பட்டு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15 அல்லது 45 நாளுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கம்பெனி தன் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதம் பாக்கி நின்றால் அந்தத் தொகைக்கு அந்த ஆண்டே வரி கட்ட வேண்டிவரும். முதலாளி நம் பேச்சைக் கேட்கமாட்டார், தன் ஆடிட்டர் பேச்சைக் கேட்பார். ஆகவே பில்லின் தலையில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடியுங்கள். பிப்ரவரியில் பாக்கிப் பட்டியலைக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கே அனுப்புங்கள். சண்டை இல்லாமல் பணம் வந்ததை நான் இந்த வழியில் பார்த்திருக்கிறேன். இதற்குப் பயந்து உத்யம் எண் இல்லாத ஷெட்டைத் தேடிப் போகும் கம்பெனியும் உண்டு. அப்படிப்பட்ட கம்பெனியின் லாட் நமக்கு வேண்டாத லாட்.

காகிதம் எங்கே தோற்கிறது

காகிதத்தால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை. லாட் கொடுக்கும் முன் கம்பெனியிலிருந்து ஷெட்டைப் பார்க்க வருவார்கள். வெளிச்சம் இருக்கிறதா, தரை சுத்தமா, சரக்கு நனையாமல் இருக்குமா என்று பார்ப்பது நியாயம். ஆனால் கேள்வி அதற்கு முன்னாலேயே, "ஷெட் எந்தப் பக்கம்?" என்று போனிலேயே வந்துவிடுகிறது. தெருப் பெயர் சொன்னதும், "பார்த்துட்டுச் சொல்றோம்" என்று முடிந்த அழைப்புகள் எனக்கே பல. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. லாட் பிரிப்பவரின் மனதிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. இதற்காகச் சிலர் மெயின் ரோட்டில் வேறு சாதிக்காரர் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, அவர் பெயரிலேயே லாட் வாங்குகிறார்கள். வாடகையும் போகிறது, பில்லும் அவர் பெயரில் இருப்பதால் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பும் போகிறது. பிழைப்புக்காகச் செய்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே தொழில் நடத்துபவர் அவராகவும் கூலிக்காரர் நாமாகவும் மறுபடி ஆகிவிடுகிறோம்.

அரசின் உதவி எங்கே இருக்கிறது? மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் கிராமப்புறத்தில் பட்டியல் சாதியினருக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு. தையல் மெஷின் போடும் கட்டத்துக்கு இவை நல்லவை, எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் இந்த மானியங்கள் முதலீட்டுச் செலவை மையமாகக் கொண்டவை. கத்திரியும் மேசையும் வைத்திருக்கும் செக்கிங் ஷெட்டுக்குத் தேவைப்படுவது மெஷின் இல்லை. 75 நாள் கூலியைத் தாங்கும் சுழல்நிதி. அது இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால் கடன் தவணையும் சனிக்கிழமையோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் கொள்கை இருக்கிறது. பனியன் கம்பெனி தனியார் என்பதால் அதற்கு இது பொருந்தாது. அதே கம்பெனி ஏற்றுமதிச் சலுகை வாங்குகிறது, அரசு மானியத்தில் மெஷின் போடுகிறது. வெளிநாட்டு பையரின் ஆய்வாளர் வந்து தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்க்கிறார். இந்தக் கம்பெனி வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் எத்தனை தலித் ஷெட் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பொதுப்பணத்தில் சலுகை பெறும் கம்பெனி, தன் ஜாப் ஒர்க் பட்டியலை வெளியிட வேண்டும், அதில் ஒரு பங்கு நமக்கு வேண்டும் என்று நம் இயக்கங்கள் கேட்க வேண்டும். தாட்கோவோ கூட்டுறவு வங்கியோ, உத்யம் எண்ணும் டி.சி.யும் காட்டினால் பில் தொகையில் ஒரு பகுதியை ஒரே வாரத்தில் முன்பணமாகத் தரும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும். 67,000 ரூபாய் சுழன்றால் ஒரு ஷெட் நிற்கும்.

நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. டெபிட் விழுந்த மாதம், அதை யார் தாங்குவது? எங்கள் பக்கம் ஒரு ஷெட்டில் அந்த வாரம் பெண்கள் கூலியில் ஆளுக்கு 300 ரூபாய் பிடித்தார்கள். ஷெட்காரரும் நம் ஆள்தான், பெண்களும் நம் தெருதான். கம்பெனி நம்மீது இறக்கிய பாரத்தை நாம் நமக்குக் கீழே நிற்கும் பெண் மீது இறக்கினால், படிநிலையில் ஒரு படி ஏறியிருக்கிறோமே தவிர, படிநிலையை அசைக்கவில்லை. எங்கள் ஷெட்டில் எண்ணிக்கை நோட்டுச் சுவரில் தொங்குகிறது. வந்த எண்ணிக்கை, ரேட், கூலி, மிச்சம் நான்கையும் ஐந்து பேரும் படிக்கலாம். போன மாதம் ரேட் 25 காசு உயர்ந்தபோது அதில் 15 காசு கூலியில் சேர வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். கணக்கு எதிரே இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை.

ஷெட் போட நினைக்கும் தோழர் முதலில் கூலிக்கு இரண்டு மாதப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிப் பாருங்கள். பிறகு உத்யம் பதிவு. பிறகு ஒரே கம்பெனியை நம்பாமல் இரண்டு கம்பெனியிடமாவது சிறிய லாட். முதல் லாட் 1,000 பீஸுக்கு மேல் வேண்டாம். அதில் நான்கு பீஸுக்கு மேல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அது எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்கும் வரை 6,000 பீஸ் லாட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.